‘சிறந்த’ என்ற சொல்லுக்குச் சாட்சி எங்கே?

இவ்வருட மலர்க்குழுவில் எனக்குக் கிடைத்த பொறுப்பு, வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுவது. ஆளுக்கு நூற்றிருபது சொற்கள், பக்கத்தில் ஒரு சிறிய படம். இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. ஒருவர் அறிஞர் சித்திலெப்பை. மற்றவர் இவ்வாண்டு ஓய்வு பெறும் எங்கள் கணித ஆசிரியை. டீச்சரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குப் பெயர் போடுவதே பிடிக்காது என்பது எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

எப்படி எழுதுவதென்று பார்க்கப் பழைய சில மலர்களைப் புரட்டினேன். ஒரு மலரில் சித்திலெப்பை பற்றி இப்படி இருந்தது: ஒப்பற்ற தலைவர், தலைசிறந்த கல்விமான், முன்னணிப் பத்திரிகையாளர், சிறந்த நாவலாசிரியர், மாபெரும் சமூக சேவையாளர். பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு தங்கச்சியிடம் வாசித்துக் காட்டி, “யார் இது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “டி. பி. ஜாயாவா?” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த ஜாயாவுக்கும் அந்த ஐந்தில் நாலு பட்டங்கள் கச்சிதமாகப் பொருந்தும். நாவலை மட்டும் கழற்றிவிட வேண்டும். ஒருவருக்கென்று எழுதிய குறிப்பை அப்படியே எடுத்து இன்னொருவருக்கு மாட்டலாம் என்றால், அதில் முதல் ஆளைப் பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லை. அதன்பிறகு எந்தக் குறிப்பை வாசித்தாலும் பெயரை மறைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற கலியாணப் பயோடேட்டாக்களிலும் செய்து பார்த்தேன். உம்மா ஏசினார்.

சித்திலெப்பையின் குறிப்பில் ஒவ்வொரு பட்டத்தையும் எடுத்து, ‘எதைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள்?’ என்று கேட்கத் தொடங்கினேன். ‘முன்னணிப் பத்திரிகையாளர்’ என்பது எளிதாக இருந்தது. அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். முன்னணியில் இருந்தாரா, எத்தனை பேருக்கு முன்னால் இருந்தார் என்பதை யாராலும் அளக்க முடியாது. பத்திரிகையின் பெயரையும் ஆண்டையும் எவரும் நூலகத்தில் போய்ப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு ஜனவரியில், ஆங்கிலேயரால் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். கண்டியில் பிறந்த ஒரு சட்டத்தரணி, முஸ்லிம்களுக்கென்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், எகிப்தின் தளபதி இங்கே வந்து சேர்ந்து அவருக்கு நண்பருமாகிறார். இதைப் பக்கத்தில் வைத்தவுடன் ‘முன்னணி’ என்ற சொல் தேவையில்லாமல் போய்விட்டது. அந்தச் சொல் சொல்ல வந்ததை வாசிப்பவரே நினைத்துக்கொள்வார்.

‘தலைசிறந்த கல்விமான்’ கொஞ்சம் கஷ்டம். 1884இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க ஒரு பாடசாலை தொடங்கினார் என்று எழுதினேன். பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை வைக்கவும் முயன்றார் என்பதைச் சேர்த்தேன். அது எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய செய்தி. ஆனால் ஸாஹிராவுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. ‘ஸாஹிராக் கல்லூரியை நிறுவியவர்’ என்று முன்னைய மலர் சொன்னது. 1892இல் மருதானையில் தொடங்கிய அந்த மத்ரஸாவுக்குப் பின்னால் வாப்பிச்சி மரிக்கார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், ஒராபி பாஷா என்று பலர் இருந்தார்கள். ஆகவே ‘நிறுவியவர்களுள் ஒருவர்’ என்று எழுதினேன். குழுவிலிருந்த ஒரு தோழி, “தரம் குறைஞ்ச மாதிரி இருக்கே” என்றாள். காதுக்குக் குறைந்தது போலத்தான் இருக்கும். ஆனால் வாப்பிச்சி மரிக்கார் குடும்பத்து வாசகர் ஒருவர் மலரைக் கையில் எடுத்தாலும் அந்த வரி அப்படியே நிற்கும். முந்திய வரி நிற்காது.

‘சிறந்த நாவலாசிரியர்’ என்பதற்குப் பதிலாக, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார் என்றும், கதை இலங்கையில் அல்ல, எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது என்றும் போட்டேன். அப்போது, “இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போடுங்களேன், அது நிரூபிக்கக் கூடியதுதானே” என்றார் எங்கள் தமிழ் ஆசிரியை. அது நல்ல கேள்வி. ‘சிறந்த’ என்பதும் ‘முதல்’ என்பதும் ஒரே வகைச் சொற்கள் போலத் தெரிந்தாலும் அப்படியல்ல. ‘சிறந்த’ என்பது பிழை என்று யாராலும் காட்ட முடியாது, அதனால் சரியென்றும் காட்ட முடியாது. ‘முதல்’ என்பதைப் பிழையென்று காட்ட, அதற்கு முந்திய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தால் போதும். அப்படிக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1856இல் வந்த ‘காவலப்பன் கதை’யை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அது ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கதை என்பது மறுதரப்பின் பதில். ஆகவே ‘முதல்’ என்று எழுதுவதானால் எதில் முதல் என்ற வேலியையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘இலங்கையர் ஒருவர் சுயமாக எழுதிய முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்வது’. தமிழில் முதல் நாவல் என்று நீட்டிவிட்டால் அது முழுப்பிழை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இலேயே அச்சாகிவிட்டது. ஆறு ஆண்டு வித்தியாசம்.

‘மாபெரும் சமூக சேவையாளர்’ என்பதற்கு இடம் மிஞ்சவில்லை. பத்திரிகையும் பாடசாலையும் நாவலும் ஒரே குறிப்பில் வந்தபிறகு அதைத் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

சித்திலெப்பைக்குப் புத்தகங்கள் உதவின. டீச்சருக்கு அப்படி இல்லை. குழு தந்த மாதிரிக் குறிப்பில் ‘அர்ப்பணிப்புமிக்க, மாவட்டத்தின் முன்னணிக் கணித ஆசிரியை’ என்று இருந்தது. அது விழாவில் அவர் முன்னாலேயே வாசிக்கப்படும். முப்பத்தொரு வருடம் கற்பித்துவிட்டுப் போகிறவர் மேடையில் இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவருக்கு வாசித்த அதே சொற்களைக் கேட்பார். எனக்கு அது பொறுக்கவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைவேன் என்று வீட்டில் யாருமே நம்பாத பிள்ளை நான். எட்டாம் வகுப்பில் என்னைப் பிடித்து உட்கார்த்தியவர் அவர்.

முதலில் நான் தேடியது பரீட்சைப் பெறுபேறு. நூற்றுக்கு எத்தனை வீதம் சித்தி என்று ஒரு எண் கிடைத்தால் அதைவிடப் பலமான சாட்சி இல்லை என்று நினைத்தேன். டீச்சரே மறித்தார்.

“அதப் போட வாணாம் மகள். கெட்டிக்காரப் புள்ளைகள்ட வகுப்பத் தந்தா யாருக்கும் நூறு வீதம் வரும். நான் கடைசி ஆறு வருஷமும் கேட்டு எடுத்தது ‘டி’ வகுப்பு. அந்த வீதத்தப் பார்த்தா நான் கூடாத டீச்சர்.”

எண் இருந்தாலே சாட்சியாகிவிடாது என்பது அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் யார் இருந்தார்கள் என்று சொல்லாத சித்தி வீதம், ‘முன்னணி’ என்ற சொல்லைவிட ஆபத்தானது. ‘முன்னணி’யை யாரும் பெரிதாக நம்புவதில்லை. எண்ணை எல்லோரும் நம்பிவிடுவார்கள். மாறாக, அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்தச் செய்தியே குறிப்பின் முதல் வரியாயிற்று: ‘கடைசி ஆறு வருடங்களும் ‘டி’ வகுப்பைத் தாமே கேட்டு எடுத்தார்.’ காரியாலயத்தில் பழைய நேரசூசிகளைப் பார்த்து அதை உறுதிசெய்தேன்.

பிறகு, வீட்டிலே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சான்றிதழ் எதையாவது கொண்டுவருவார் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பதினேழு அப்பியாசக் கொப்பிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் பிழைவிட்டது என்பதல்ல, எந்த மாதிரிப் பிழை விட்டது என்பது அதில் இருந்தது: ‘அடைப்பு நீக்கும்போது சய அடையாளத்தை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுக்கிறாள்.’ ‘பின்னங்களைக் கூட்டும்போது கீழ் எண்களையும் கூட்டுகிறாள்.’ பக்கத்தில் திகதி. சில வாரங்களுக்குப் பிறகு இன்னொரு திகதி, ஒரு சரி அடையாளம். சில பக்கங்களில் அந்தச் சரி அடையாளம் கடைசிவரை வரவில்லை. அவற்றையும் அவர் கிழித்து எறியவில்லை.

‘அர்ப்பணிப்புமிக்க’ என்பதை வெட்டிவிட்டு, ‘ஒவ்வொரு மாணவியும் விடும் பிழையின் வகையைத் திகதியிட்டு எழுதிய பதினேழு கொப்பிகள் அவரிடம் உள்ளன’ என்று எழுதினேன். எண்ணிப் பார்த்துத்தான் பதினேழு. இருபது என்று முழுதாக்கச் சொன்னார்கள். வாழ்க்கைக் குறிப்பில் முழு எண் வந்தாலே எனக்குச் சந்தேகம்: நூற்றுக்கணக்கான கட்டுரைகள், ஆயிரக்கணக்கான மாணவர்கள். எண்ணாதவர்தான் பெரும்பாலும் அப்படி எழுதுவார்.

எண்ணவோ காட்டவோ முடியாத நற்குணங்கள் இருக்கின்றன. டீச்சரின் பொறுமை அப்படியானது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, அதை யார் சொல்கிறார் என்பதைச் சேர்ப்பது. இப்போது தாதியாக வேலை செய்யும் பழைய மாணவி ஒருவர், ஒரே கணக்கை டீச்சர் தனக்கு ஐந்து நாள் தொடர்ந்து விளங்கப்படுத்தியதாகச் சொன்னார். அவருடைய சம்மதத்துடன், எந்த ஆண்டு மாணவி என்பதையும் சேர்த்து, அவர் சொன்னதாகவே எழுதினேன். மற்றவரைப் புகழத்தான் வேண்டுமென்றால், ‘இவரை இப்படிப்பட்டவரென நான் எண்ணுகிறேன், அவரைக் கணக்கெடுப்பவன் அல்லாஹ்’ என்ற கருத்தில் சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஹதீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘நான் எண்ணுகிறேன்’ என்னும்போது, சொல்கிறவர் தானும் சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிறார். ‘சிறந்த’ என்று மட்டும் எழுதினால் அந்தக் கூண்டு காலியாக இருக்கிறது.

பிரதியைக் காட்டியபோது டீச்சர் சிவப்புப் பேனையை எடுத்தார், பழக்கதோஷம். கொப்பிகளைப் பற்றிய வரியை இரண்டு முறை வாசித்தார். வெட்டுவார் என்று பயந்தேன். ‘மாணவியும்’ என்பதற்கு முன்னால் ‘டி வகுப்பு’ என்று சேர்த்துவிட்டு, “எல்லாருக்கும் எழுதினேன் எண்டு நெனைப்பாங்க, அது பொய்” என்றார்.

முடிவில் குறிப்பு தொண்ணூற்றுமூன்று சொற்களில் நின்றது. மிகுதி இடத்துக்கு ஒரு கவிதை வரி போடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. அதற்குப் பதிலாக நாலாவது கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, பிள்ளையின் பெயரை மறைத்துப் போட்டிருக்கிறோம்.