பாகுப் பதம்

போன தீபாவளிக்கு அதிரசப் பாகு நான்தான் காய்ச்சினேன். பாட்டிக்குக் கண்ணில் புரை. பதம் பார்க்க முடியல.

1 கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும்போதே அரைத்துச் சலித்தோம். வெல்லம் முக்கால் கிலோ. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். கரையாமல் அடியில் தங்குச்சு. "ஆச்சு பாட்டி"ன்னு இறக்கி மாவில் கலந்துட்டேன்.

மறுநாள் எண்ணெயில் போட்ட முதல் அதிரசமே பிரிஞ்சு போச்சு. பாட்டி அதைத் தொட்டுப் பார்த்தாங்க, விரலெல்லாம் எண்ணெய்.

"பாகு இளசுடா. தண்ணிக்குள்ள உருட்டிப் பார்த்தியா?"

பார்க்கல. விரலால் திரட்டினால் மெத்துன்னு உருண்டையா நிக்கணுமாம். அதற்கு முன்னாடி இறக்கினால் பாகில் தண்ணீர் மிச்சம் இருக்கும், மாவு பிடிக்காது, விரிசல் வழியா எண்ணெய் ஏறும். ரொம்ப முத்தினால் அதிரசம் கல்லாகிடும்.

எடுத்து வைத்திருந்த அரிசி மாவில் 2 கைப்பிடி சேர்த்துப் பிசைந்தோம். மிதமான தீயில் பொரித்து, சூட்டோடு இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடித்தோம். இந்தத் தடவை உடையல, மெதுவாவும் இருந்துச்சு.

உருண்டையைத் தொட்டுச் சொல்ல பாட்டிக்குக் கண் தேவையே இல்ல. நான்தான் கிண்ணத்தை அவங்க பக்கம் நீட்டல.