முதல் நாள் கெப்ஷன்: எங்கட பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரின் சில வார்த்தைகள்

புதிதாக வேலைக்குப் போகும் எங்கட தம்பி தங்கச்சிமார் அநேகமாக எல்லோரும் முதல் நாள் ஒரு படம் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும். வீடே காத்திருந்த நாள் அது. ஆனால் படத்துக்குக் கீழே எழுதுகிற நாலு வரியை, கூடப் படித்தவர்கள் மட்டும்தான் வாசிப்பார்கள் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். இன்றைய பதிவு அந்த நாலு வரியைப் பற்றியதுதான். எனக்குத் தெரிந்த தொழில் ஆசிரியத் தொழில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பாடசாலைக்குப் புது டீச்சர் வருகிறார் என்றால், அன்று பின்னேரமே தரம் 10, 11 பிள்ளைகள் அவருடைய பெயரை பேஸ்புக்கில் தேடிவிடுவார்கள். இது என்னுடைய ஊகம் இல்லை, பிள்ளைகளே வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது பெற்றோர். பிறகு கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகத்தர்கள். நீங்கள் வகுப்பில் பேசிய முதல் வார்த்தையை 30 பிள்ளைகள்தான் கேட்டிருப்பார்கள். நீங்கள் எழுதிய கெப்ஷனை ஊரே வாசித்திருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் தூரத்துப் பாடசாலையொன்றுக்கு நியமனம் கிடைத்த ஒரு தம்பி, "கடலோரத்தில இருந்து காட்டுக்கு!" என்று எழுதி, அழுகிற பொம்மை ஒன்றையும் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்துப் போட்டார். பகிடிக்குத்தான் எழுதினார். கூட்டாளிமாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஊர்ப் பழைய மாணவர் ஒருவர் அதை ஸ்கிரீன் ஷொட் எடுத்துப் பாடசாலையின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பிறந்து வளர்ந்த ஊரைக் காடு என்று ஒருவர் சொன்னால் அங்குள்ள தாய் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? தம்பி பதிவை அழித்தார். ஸ்கிரீன் ஷொட்டை அழிக்க வழியில்லை. நல்லாகப் படிப்பிக்கக் கூடிய பிள்ளை, முதல் தவணை முழுக்க அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஓ.எல். படித்த ஒரு தங்கச்சி, கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருஷமும், பிறகு ஒரு வருஷம் பாடசாலையில் கட்டுறு பயிற்சியும் முடித்தவள். பதுளைப் பக்கம் ஒரு தமிழ் மொழிப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்திருந்தது. போவதற்கு முந்திய நாள் இரவு வொய்ஸ் அனுப்பினாள். "டீச்சர், நாளைக்கு டியூட்டி எடுக்கப் போறன். கை காலெல்லாம் நடுங்குது. போட்டோவுக்கு ஒரு கெப்ஷன் பாத்துத் தாங்க." கூடவே தான் எழுதி வைத்திருந்ததையும் அனுப்பினாள்:

"அல்ஹம்துலில்லாஹ். நியூ பிகினிங். கனவு மெய்ப்பட்ட நாள். இனி நானும் ஓர் ஆசிரியை. என் வெற்றிக்குப் பின்னால் நின்ற அனைவருக்கும் நன்றி. ரொம்பப் பயமா இருக்கு, எல்லாரும் துஆ செய்ங்க."

அதோடு நியமனக் கடிதத்தின் படம். பாடசாலையின் இடத்தையும் டேக் பண்ண வைத்திருந்தாள்.

முதலில் கடிதத்தைத்தான் எடுக்கச் சொன்னேன். நியமனக் கடிதத்தில் முழுப் பெயர், வீட்டு விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கும். எங்கட 12 இலக்க அடையாள அட்டை இலக்கம் சும்மா வரிசை இலக்கம் இல்லை. முதல் நான்கும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2000562 என்று ஓர் இலக்கம் தொடங்கினால் 562இல் 500ஐக் கழியுங்கள், 62 வரும். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மொத்தம் 60. ஆகவே 62ஆவது நாள் மார்ச் 2. அந்த அட்டைக்குரியவர் 2000 மார்ச் 2இல் பிறந்த பெண் என்று யாரும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பெயர், விலாசம், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் நான்கும் ஒரே படத்தில் இருந்தால், உங்கள் பெயரில் ஒரு மோசடிக்காரன் பேசுவதற்குப் பெரும்பகுதி கையில் கிடைத்த மாதிரி. விரலால் மறைத்துப் பிடித்தாலும் ஏதாவதொரு மூலை தெரியும். கடிதம் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

அடுத்தது இடம். ஊர் பேர் தெரியாத இடத்தில் தனியாக போர்டிங் பிடித்து இருக்கப் போகிற பெண் பிள்ளை. பாடசாலை எது, எந்த ஊர், எப்போதிருந்து அங்கே இருக்கிறாள் என்பதை பப்ளிக்கில் போட வேண்டிய தேவை என்ன? மாவட்டத்தைச் சொன்னால் போதும். வீட்டாருக்கும் கூட்டாளிமாருக்கும் மிச்சம் ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது, "நாளைக்குக் காலையில போடாதே, பின்னேரம் எழுது" என்றேன். அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தாதி வேலைக்குப் போகிறவரும் எழுதலாம், வங்கிக்குப் போகிறவரும் எழுதலாம். காலையில் எங்களிடம் பயம் மட்டும்தான் இருக்கும், சொல்வதற்கு விஷயம் இருக்காது. பின்னேரம்தான் அந்த நாள் கையில் இருக்கும்.

"ரொம்பப் பயமா இருக்கு" என்ற வரியைப் பற்றித்தான் கூட நேரம் பேசினோம். பயத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் ஒருவர் அதை வாசித்தால், "இந்த டீச்சரா எங்கட பிள்ளையைப் பாக்கப் போறா?" என்று நினைக்கக் கூடும். எதற்குப் பயம் என்று சொன்னால் அதே வரி வேறு மாதிரி ஆகிவிடும். "என்னத்துக்குப் பயம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இடாப்பு வாசிக்கக்குள்ள பேருகளப் பிழையா வாசிச்சிடுவனோ எண்டு, டீச்சர். அந்தப் பக்கத்துப் பேருகள் எனக்குப் பழக்கமில்ல." பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பயப்படுகிற டீச்சரை எந்தத் தாய்க்குத்தான் பிடிக்காது?

"அனைவருக்கும் நன்றி" என்ற வரியும் அப்படித்தான். அனைவருக்கும் என்றால் ஒருவருக்கும் போய்ச் சேராது. கல்லூரிக் காலம் முழுக்க இந்தப் பிள்ளையின் கைச்செலவுக்கு உம்மா தையல் மெஷினில் இருந்தது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் உம்மா அந்தப் பதிவை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பா.

அடுத்த நாள் அவள் அதிபரிடம் கடமையேற்புக் கடிதம் கொடுத்து, வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்து, நேரசூசி வாங்கி, தரம் 6க்குப் போய் வந்தாள். பின்னேரம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அதிலிருந்து அவளே எழுதியது இது:

"இன்று தமிழ் ஆசிரியையாக முதல் நாள். 7.15க்கு வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்தேன். கை நடுங்கி எழுத்துக் கொஞ்சம் வளைந்துதான் வந்தது. தரம் 6இல் 31 பெயர்களையும் வாசித்து முடித்தேன். இரண்டு பெயர்களைப் பிள்ளைகள் எனக்குத் திருத்தித் தந்தார்கள். நாளைக்குப் பிழை வராது. விடியப்பறம் பஸ் ஏற்றிவிட்ட வாப்பாவுக்கும், என் படிப்புச் செலவைத் தையல் மெஷினில் தைத்த உம்மாவுக்கும் இந்த நாள். அல்ஹம்துலில்லாஹ்."

பயம் அப்படியே இருக்கிறது, நடுங்கிய கையில். ஆனால் அவளைக் குறைத்துக் காட்டவில்லை. அந்த 31 பிள்ளைகளில் ஒருவர் வாசித்தாலும் சந்தோஷப்படுவார். பிள்ளைகளின் பெயரும் இல்லை, முகமும் இல்லை. வகுப்பில் எடுத்த படத்தைப் போடவும் இல்லை. மற்றவர் பெற்ற பிள்ளைகளின் படத்தை அவர்களிடம் கேட்காமல் போட எங்களுக்கு உரிமை இல்லை. பின்னால் வெறும் சுவர் இருக்கிற படமொன்றை அவள் போட்டாள், அது போதும்.

அரசாங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னுமொன்று. நியமனம் கிடைத்த நாளிலிருந்து தாபன விதிக்கோவை உங்களுக்கும் பொருந்தும். அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வது பற்றி 2022 செப்டம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றுநிருபமே விட்டது. "இவ்வளவு தூரத்துக்குப் போட்டுட்டாங்க", "மலசலகூடம் கூட ஒழுங்கா இல்ல" என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அதைச் சொல்ல அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் இருக்கின்றன. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் அதை முதல் நாள் கெப்ஷனில் சொன்னால் குறை தீராது, பெயர்தான் கெடும். பிறகு மாற்றி எழுதலாம் என்றும் நினைக்காதீர்கள். பேஸ்புக்கில் திருத்திய பதிவின் பழைய வடிவத்தை, அந்தப் பதிவைப் பார்க்கக் கூடியவர்கள் திறந்து பார்க்கலாம்.

வேறு தொழிலுக்குப் போகிறவர்கள் இதிலிருந்து எடுக்க வேண்டியது கொஞ்சம்தான். வங்கிக்குப் போகிறவர் கணினித் திரை தெரிகிற மாதிரிப் படம் எடுக்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போகிறவர் பின்னால் நோயாளி நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும். கழுத்தில் தொங்குகிற அலுவலக அட்டையைத் திருப்பிவிடுங்கள். பிறகு அன்று செய்த ஒரு வேலையையும், கை கொடுத்த ஒருவரையும் எழுதுங்கள்.

பதிவு போட்ட பிறகு கொமென்டில் "எந்த ஸ்கூல்?", "எங்க போர்டிங்?", "சம்பளம் எவ்வளவு?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அதற்கு அங்கேயே பதில் எழுதினால், மேலே நீங்கள் கவனமாக விட்டதெல்லாம் கீழே வந்துவிடும். தெரிந்தவர் என்றால் போன் எடுத்துச் சொல்லுங்கள். தெரியாதவர் என்றால் ஒரு லைக் போட்டுவிட்டு, அடுத்த நாள் பாடக் குறிப்பை எழுத உட்காருங்கள்.