ஹுரூப் பயம்

எங்க நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர்கள் சிலர் சவுதிக்கு 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போகிறார்கள். சம்பளம் மாசக்கணக்கில் நின்றாலும் அங்கே வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே சிலர் அதைக் கோழைத்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அங்கே தங்கும் அனுமதியான இகாமா, முதலாளி பேரோடு கட்டுண்டது. கோபத்தில் அவர் 'ஆள் ஓடிவிட்டான்' என்று பதிந்தால் அதுதான் ஹுரூப். அதன்பின் வேலை செய்ய முடியாது; பிடிபட்டால் நாடு கடத்தல். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடனோ ஊரில் அப்படியே நிற்கும்.

2021 மார்ச்சில் சவுதி, முதலாளி சம்மதமில்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது. நம்ம ஆட்கள் கொண்டாடினார்கள். ஆனால் வீட்டு டிரைவர்களும் வீட்டு வேலைக்காரர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. கம்பெனி டிரைவருக்குக் கிடைத்தது, அதே ஸ்டியரிங் பிடிக்கும் இவருக்குக் கிடைக்கவில்லை!

இவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மூன்று மாதச் சம்பளம் நிலுவையானால் வேறு முதலாளியிடம் மாற அங்குள்ள விதி இடம் தருகிறது. ஆனால் சம்பளம் வரவில்லை என்று காட்டணுமே. கையில் ரொக்கமாக வாங்குபவர் எதைக் காட்டுவார்?

அதனால், போகப்போற மாப்பிள்ளைகளா, சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேளுங்க. ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி வைங்க. பிரச்சினைன்னா வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னாடியே ரியாத் இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லிடுங்க.