இரண்டு பக்கக் கடிதத்தில் கேள்வி எங்கே?

கற்பிட்டியிலிருந்து பாலாவி வழியாகப் புத்தளம் தள வைத்தியசாலைக்குத் தூரம் நாற்பது கிலோமீற்றரைத் தாண்டும். கடலுக்குப் போகிறவர் ஒரு நாள் தொழிலை விட்டுத்தான் பஸ்ஸில் ஏறுகிறார். கையில் உள்ள கடிதம் குழப்பமாக இருந்தால், "இந்த டெஸ்டைச் செய்துகொண்டு அடுத்த மாதம் வாங்க" என்ற பதிலோடு திரும்புவார். நிபுணருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடங்கள். கடிதத்தைப் படிப்பதற்கே அதில் பாதி போய்விடக் கூடாது.

*

பல கடிதங்களில் கண்டதைச் சேர்த்து ஒரு நோயாளியாக்கி எழுதுகிறேன். 54 வயது மீனவர். கடிதம் இரண்டு பக்கம். முழங்கால் வலியில் தொடங்குகிறது. பத்து வருடச் சீனி வருத்தம், பிரஷர், தகப்பனுக்கு வந்த பாரிசவாதம், பசியின்மை, பழைய கண் பரிசோதனை என்று போகிறது. நடுவில் ஒரு வரி: கடலில் இரண்டு மூன்று நாள் தங்கும்போது கால் வலிக்குப் பார்மசியில் வாங்கிய டைக்ளோஃபெனாக் போடுகிறார். இரண்டாம் பக்கத்தில் "கிரியேட்டினின் 1.1, பிறகு 212." முடிவில், "தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும்."

அந்த 1.1ம் 212ம் ஒரே அளவில் எழுதப்பட்டவை அல்ல. முதலாவது மில்லிகிராம்/டெசிலீற்றர். இரண்டாவது வேறொரு ஆய்வுகூடத்தின் மைக்ரோமோல்/லீற்றர். 88.4 ஆல் வகுத்தால் 2.4 வரும். அதாவது எட்டு மாதத்தில் 1.1 இலிருந்து 2.4. சிறுநீரகம் வடிகட்டும் மதிப்பிட்ட அளவு (eGFR) ஏறக்குறைய 80 இலிருந்து 31க்கு இறங்கியிருக்கிறது. முழுக் கடிதத்திலும் அவசரமான செய்தி இதுதான். அலகு எழுதாததால் அது கண்ணிலேயே படவில்லை.

*

சுருக்குவது வேறு, திருத்தி எழுதுவது வேறு. சுருக்கச் சொன்னால் டைக்ளோஃபெனாக் வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள், வெறும் பேச்சு என்று. ஆனால் பிரஷருக்கு லொசார்டன் குடிக்கிற ஒருவர், வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து, மேலே டைக்ளோஃபெனாக்கும் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். காரணத்தில் ஒரு பங்காவது அங்கே இருக்கக்கூடும். நிறுத்தினால் ஓரளவு மீளவும் கூடும். ஆகவே முதலில் கேள்வியை எழுத வேண்டும். அதற்குப் பதில் சொல்ல உதவுகிற வரி தங்கும், உதவாதது எவ்வளவு உண்மையானாலும் வெளியே போகும். தகப்பனின் பாரிசவாதம் போகலாம். பழைய கண் பரிசோதனையை வைத்திருக்கிறேன். விழித்திரையில் சீனியின் பாதிப்பு இருந்தால், சிறுநீரகப் பாதிப்புக்கும் சீனியே காரணம் என்ற பக்கம் எடை கூடும்.

*

திருத்திய கடிதம் (மூலம் ஆங்கிலம்):

"கேள்வி: வேகமாகக் குறையும் சிறுநீரகச் செயற்பாடு. மீளக்கூடிய காரணம் உண்டா? அனுமதிக்க வேண்டுமா? அவசரம்: இந்த வாரம்.
கிரியேட்டினின்: பெப்ரவரி 1.1, ஒக்டோபர் 2.4 (இரண்டும் மில்லிகிராம்/டெசிலீற்றர்). பொட்டாசியம் 5.6. ஈசிஜி வழமை. சிறுநீரில் புரதம் 2+. பிரஷர் 150/90. கால் வீக்கம் இல்லை.
பின்னணி: 10 வருடச் சீனி வருத்தம், விழித்திரைப் பாதிப்பு உண்டு.
மருந்து: மெட்போமின், லொசார்டன், கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாதத்தில் பல நாள்.
செய்தது: டைக்ளோஃபெனாக், லொசார்டன், மெட்போமின் நேற்று நிறுத்தப்பட்டன. சீனியும் பிரஷரும் இங்கே பார்க்கப்படும். இரத்தப் பரிசோதனை மூன்று நாளில் மறுபடி.
செய்யப்படவில்லை: சிறுநீரக ஸ்கேன்."

கடைசி வரியை விட்டுவிட்டால் ஸ்கேன் செய்து வழமையாக இருந்தது என்று நிபுணர் நினைக்கலாம். மூலத்தில் இல்லாததை ஊகித்து நிரப்பவும் கூடாது. பிரஷர் எழுதப்படாவிட்டால், நோயாளி இன்னும் வெளியே இருக்கும்போதே அளந்து எழுதலாம்.

*

பொட்டாசியம் 5.6 என்றால் கடிதத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அன்றே தொலைபேசியில் பேச வேண்டும். கடிதம் அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

*

மருந்துப் பட்டியலைக் கிளினிக் கொப்பியைப் பார்த்து மட்டும் எழுதினால் பார்மசியில் வாங்கியது வராது. "வலிக்கு என்ன போடுறீங்க?" என்று தனியாகக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள மருந்து மட்டைகளை எல்லாம் ஒரு பையில் கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

*

கடிதம் எழுதும் டொக்டர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பத்துக்குக் கீழே உங்கள் கைத்தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். நிபுணருக்கு ஒரு சந்தேகம் வந்தால், நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் உங்களைக் கேட்டுக்கொள்வார்.