மூன்று இருக்கைகளின் கணக்கு

மூவராகச் சேர்ந்து மொழிபெயர்ப்பு வேலை செய்துவரும் நாங்கள், அடையாறில் ஒரு கூட்டுப் பணியிடத்தில் மூன்று இருக்கைகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தோம். எங்களில் ஒருவர் தாயாரின் உடல்நிலை காரணமாகத் திருநெல்வேலிக்குத் திரும்ப நேர்ந்தது. இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை என்று முடிவாயிற்று.

ஜூன் 3ஆம் தேதி மின்னஞ்சலில் விலகல் அறிவித்தோம். ஒரு மாத முன்னறிவிப்பு போதும், ஜூலை 3இல் கணக்கு முடிந்துவிடும் என்பது எங்கள் எண்ணம். ஒப்பந்தத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தோம். "ஒரு முழு நாட்காட்டி மாதம்" என்றிருந்தது. அதாவது, ஜூனில் எந்தத் தேதியில் சொன்னாலும் ஜூலை 31 வரை கட்டணம் உண்டு. மே 31க்குள் சொல்லியிருந்தால் ஜூனோடு முடிந்திருக்கும். மூன்று நாள் தாமதத்திற்கு நாங்கள் கொடுத்த விலை, இருக்கைக்கு 6,500 வீதம் 19,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 3,510, ஆக 23,010 ரூபாய்.

முன்பணமாக 39,000 ரூபாய் அவர்களிடம் இருந்தது. கடைசி மாதத்தை அதில் கழித்துக்கொள்ளக் கேட்டோம். "அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்றார் மேலாளர். கழித்துவிட்டால் சேதம் ஏதும் இருந்தால் பிடிக்கப் பணம் போதாது என்பது அவர் கவலை. எங்களுக்கும் அதில் லாபமில்லை. திருப்பித் தரவேண்டிய தொகையாக இருக்கும்வரை முன்பணத்திற்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டணத்தில் சேர்த்த கணமே அதற்கும் வரி வந்துவிடும்.

ஜூலை 31 மாலை சாவிகளை ஒப்படைக்கப் போனோம். நுழைவு அட்டைகள் மூன்றில் இரண்டுதான் இருந்தன. மேசை இழுப்பறைச் சாவிகள் மூன்றும் இருந்தன. வெறுமனே மேசைமேல் வைத்துவிட்டு வராமல், எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மேலாளரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டோம். சுவரையும் மேசைகளையும் படமெடுத்தோம்.

ஒப்பந்தப்படி 45 நாட்களுக்குள் பணம் வரவேண்டும். 44ஆம் நாள் கணக்கு விவரம் வந்தது. தொலைந்த அட்டைக்கு 500 ரூபாய், நியாயம்தான். சுவரில் கறை, வண்ணம் பூச 3,000 ரூபாய் என்றும் இருந்தது. அந்தக் கறை நாங்கள் நுழைந்த நாளிலேயே இருந்தது. முதல் நாள் உற்சாகத்தில் மூவரும் எடுத்துக்கொண்ட படத்தில், எங்கள் தலைகளுக்குப் பின்னால், அது தெளிவாகத் தெரிந்தது. தேதியோடு அனுப்பினோம். நான்கு நாட்களில் 38,500 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்ந்தது.

பணத்தைப் பங்கிட்டு அனுப்பிய அன்று, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், மூன்று வீடுகளில், தனித்தனியாக.