இரண்டு யூனிட் குளியல்

2024 டிசம்பரில் எங்கள் சென்னை வீட்டில் கெய்சருக்குத் தடை போட்டேன். அதன் மேல் 2000 வாட் என்று எழுதியிருந்ததைப் படித்ததும், ஒரு குளியலுக்கு இரண்டு யூனிட் என்று முடிவுகட்டிவிட்டேன். கெய்சர் போடாமலே எங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும். அதற்கு மேல் அப்போது யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். அப்படியானால் ஒரு குளியல் பதினேழு ரூபாய்! "நாளையிலிருந்து அடுப்பில் வெந்நீர்" என்று அறிவித்தேன்.

பின்கட்டில் ஒற்றை அடுப்பு, அதற்கு மாற்று சிலிண்டர். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். நாலு பேருக்கும் அதைக் குளியலறை வரை தூக்கிவந்து வாளியில் ஊற்றுவது என் மனைவி. இப்படி இரண்டு மாதம் போனது.

ஜனவரிக் கடைசியில் அந்த சிலிண்டர் தீர்ந்தது. அன்று அவள் கேட்டாள்: "ஏங்க, கெய்சர் லைட் இருபது நிமிஷத்துல அணைஞ்சிடுமே. ஒரு மணி நேரம் ஓடினாத்தானே ரெண்டு யூனிட்?"

என் தப்பு அங்கே உடைந்தது. 2000 வாட் என்பது வேகம், செலவு அல்ல. ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால்தான் இரண்டு யூனிட். இருபது நிமிடத்துக்கு முக்கால் யூனிட்கூட வராது.

வெட்கத்தோடு ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழாய்த் தண்ணீர் 25 டிகிரி. இதமான குளியல் நீர் 40. வாளி 20 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஆகவே 20 லிட்டரை 15 டிகிரி ஏற்ற 300 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. 300ஐ 860ஆல் வகுத்தால் 0.35 யூனிட். எட்டரை ரூபாய்க் கணக்கிலும் மூன்று ரூபாய்தான்.

வாளி முழுவதையும் சூடாக்கினாலும், நாலரை லிட்டரை 90 டிகிரிக்குக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீரில் கலந்தாலும், தேவைப்படும் சூடு அதே 300தான். எங்கள் 15 லிட்டர் கெய்சர் 60 டிகிரிக்கு ஏற்றுகிறது. அது 525, அதாவது ஒன்றே முக்கால் குளியல். தொட்டி வழியே போகும் இழப்பையும் சேர்த்தால் குளியலுக்கு 0.38 யூனிட், சுமார் மூன்றேகால் ரூபாய்.

கேஸுக்குக் காகிதக் கணக்கு போதாது. ஒரு கிலோ கேஸில் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி இருந்தாலும், அதில் எவ்வளவு தண்ணீருக்குப் போகிறது என்பது அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்தது. பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் புது சிலிண்டரை மாட்டினேன். பத்து வாளி வெந்நீருக்கு முன்னும் பின்னும் நிறுத்தேன். 600 கிராம் குறைந்திருந்தது. 14.2 கிலோ சிலிண்டர் அப்போது எங்களுக்கு 820 ரூபாய். ஒரு குளியலுக்கு மூன்று ரூபாய் நாற்பத்தைந்து காசு. பாதிச் சூட்டுக்கு மேல் காற்றோடு போயிருந்தது. மூடி போடாத பாத்திரம், அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறிய ஜ்வாலை, இரண்டும்தான் காரணம். மூடி போட்டு, ஜ்வாலை அடிக்குள் அடங்கும்படி குறைத்து மறுபடி பத்து வாளி. இம்முறை 480 கிராம். குளியலுக்கு இரண்டே முக்கால் ரூபாய்.

எனவே அந்த சிலிண்டர் விலையில் எங்கள் வீட்டில் இரண்டும் சமமாகும் இடம், யூனிட்டுக்குச் சுமார் ஏழேகால் ரூபாய். உங்கள் பில்லின் சராசரியைப் பார்க்காதீர்கள். கெய்சர் யூனிட்கள் கடைசிப் படியில்தான் ஏறுகின்றன. அந்தப் படி ஏழேகாலுக்குக் கீழே என்றால் கெய்சர், மேலே என்றால் மூடி போட்ட அடுப்பு. ஊட்டியில் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தால் இரண்டு செலவும் ஒரே விகிதத்தில் கூடும். எது மலிவு என்பது மாறாது.

கெய்சரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் மட்டும் இந்தக் கணக்கு கெடும். சோதித்தேன்: 60 டிகிரியில் அணைத்த தொட்டி பன்னிரண்டு மணி நேரத்தில் 47க்கு இறங்கியது. 15 லிட்டர், 13 டிகிரி. கிட்டத்தட்ட கால் யூனிட் வீண். விடாமல் சூட்டைக் காத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளில் ஒரு குளியலுக்கு மேல் சுவருக்கே போய்விடும்.

தடை நீடித்த இரண்டு மாதத்தில் 240 குளியல். கெய்சரோடு ஒப்பிட்டால், மூடியில்லாப் பாத்திரத்தால் குளியலுக்குச் சுமார் இருபது காசு நஷ்டம். மொத்தம் சுமார் ஐம்பது ரூபாய். அது போகட்டும். குளியலுக்கு நாலரை லிட்டர் என்றால், ஆயிரம் லிட்டருக்கு மேல் கொதிநீரை அவள் சுமந்திருக்கிறாள். அந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டவில்லை. அவளே போட்டுச் சொன்னாள்.