பல மாதமாக இணையத்தில் கிடக்கும் வேலைவாய்ப்பு: விண்ணப்பிக்க முன் ஒரு நாள் விசாரியுங்கள்

உயர்தரம் முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டீச்சர், இந்த வேலை இன்னும் நெட்டில இருக்கு. போடலாமா?"

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு விண்ணப்பம் போடுவது சும்மா வேலை இல்லை. கிராம சேவகர் சான்றிதழ் எடுக்க வேண்டும், போட்டோகொப்பி அடிக்க வேண்டும், ஹட்டனுக்குப் போய்வர வேண்டும். அதற்காக அம்மா ஒரு நாள் கொழுந்து எடுக்கப் போகாமல் இருக்கவும் வேண்டிவரும். ஆகவே முதலில் அந்த வேலை திறந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை போன ஒக்டோபரில் ஒரு விளம்பரம் காட்டினாள். கொழும்பில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு உதவியாளர் வேண்டுமாம். விளம்பரத்தின் மேலே "2 நாட்களுக்கு முன்" என்று இருந்தது. ஆனால் அதே விளம்பரத்தைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே பார்த்ததாக அவள் சொன்னாள்.

அது கம்பெனியின் சொந்தப் பக்கம் இல்லை. மற்ற இடங்களிலிருந்து வேலைகளைத் திரட்டிப் போடும் ஒரு தளம். இப்படியான தளங்கள் பழைய விளம்பரத்தைத் திரும்ப ஏற்றும்போது திகதியும் புதிதாகிவிடும். அதனால் விளம்பரத்தின் ஒரு வரியை அப்படியே கூகுளில் போட்டு, முதலில் வந்த பக்கத்தைத் தேடினோம். அந்தப் பக்கத்தில் திகதியே இல்லை. பிறகு குரோமில், அந்தப் பக்கத்தின் முகவரிக்கு முன்னால் `view-source:` என்று சேர்த்துத் திறந்தோம். உள்ளே இப்படி இருந்தது:

```
"datePosted": "2025-03-11",
"validThrough": "2025-04-10"
```

முதலாவது விளம்பரம் போட்ட நாள், இரண்டாவது முடிவு நாள். எல்லாப் பக்கத்திலும் இது இருக்காது. இருந்தாலும், முடிவு நாளைச் சில தளங்கள் ஒரு மாதம் என்று தாமாகவே நிரப்பிவிடும். ஆகவே இதை ஒரு அடையாளமாக எடுக்கலாமே தவிர, தீர்ப்பாக எடுக்க முடியாது.

பிள்ளை "முடிஞ்சு போச்சு டீச்சர்" என்று போனை மூடிவிட்டாள். தனியார் கம்பெனியில் அப்படி இல்லை. முடிவு நாள் கடந்தாலும் ஆள் கிடைக்காமல் இருக்கலாம், வந்த ஆள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மறுபக்கம், ஆள் எடுத்து முடிந்தும் விளம்பரத்தை எடுக்க மறந்திருக்கலாம். இதில் எது என்று பக்கத்தைப் பார்த்துத் தெரியாது, ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

விளம்பரத்தில் இருந்த கைத்தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கவில்லை. பழைய விளம்பரத்தை எடுத்துத் தங்கள் இலக்கத்தைப் போட்டுப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள பொது இலக்கத்துக்கு அழைத்து, மனிதவளப் பிரிவைக் கேட்டோம். "வேலை இருக்கா?" என்று கேட்டால் "சீவியை அனுப்புங்க" என்றுதான் பதில் வரும். அதனால் பதவியின் பெயரையும் விளம்பரம் வந்த மாதத்தையும் சொல்லி, மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். இந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றா? இப்போது வரும் விண்ணப்பத்தைப் பார்ப்பீர்களா? எப்போது நேர்முகம்?

வந்த பதில் இது: மே மாதம் ஒருவரை எடுத்தார்கள், அவர் இரண்டு கிழமைக்கு முன் விலகிவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் சீவியை மின்னஞ்சலில் அனுப்பலாம். பிள்ளை அன்றைக்கே அனுப்பினாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. ஆனாலும் உயிரோடு இருந்த ஒரு இடத்துக்குத்தான் அவள் போட்டியிட்டாள்.

அரசாங்க வேலை இதற்கு நேர்மாறு. அங்கே வர்த்தமானியில் உள்ள முடிவுத் திகதிதான் சட்டம். பிந்தி வரும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், போன் எடுத்துக் கேட்டாலும் மாறாது. வட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பெரும்பாலும் அந்தத் திகதி இருக்கும் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். `documents.gov.lk` தளத்தில் வர்த்தமானியைத் திறந்து, முழு அறிவித்தலையும் வாசியுங்கள். வெற்றிடங்களும் பரீட்சைகளும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில், முதலாம் பகுதியின் இரண்டாம் 'அ' தொகுதியில் வரும். திகதி நீடித்திருந்தால் அதற்கும் பின்னால் ஒரு அறிவித்தல் வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லை என்றால், "நீடிச்சிட்டாங்களாம்" என்று யார் சொன்னாலும் பதிவுத் தபாலுக்குக் காசு கட்டாதீர்கள்.

போன் எடுக்கக் கூச்சமாக இருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு வரியை மின்னஞ்சலில் போடலாம்: "மார்ச் மாதம் வெளியான கணக்கு உதவியாளர் விளம்பரம் பார்த்தேன். அந்த இடத்துக்கு இன்னும் விண்ணப்பம் ஏற்கிறீர்களா என்று அறியத் தருவீர்களா?" மாதத்தையும் பதவியையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் சீவியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சான்றிதழுக்கும் பஸ்ஸுக்கும் செலவு செய்வது அவர்கள் கூப்பிட்ட பிறகு.